செட்டில்மென்ட்டில் நிறுத்தி வைத்த 4,500 ரூபாய்: எந்த லெட்ஜர்?

வணக்கம். ஒரு துணிக்கடையின் ஆன்லைன் விற்பனைக் கணக்கு. ஒரு நாள் விற்பனை 1,00,000 ரூபாய், அதற்குப் பேங்கில் விழுந்தது 88,140.

கேட்வே கட்டணம் 2%, அதாவது 2,000. அதன்மேல் 18% ஜிஎஸ்டி 360. போன மாத ஆர்டர் ஒன்றின் ரீஃபண்ட் 5,000-ம் இதில்தான் கழிந்திருக்கிறது. (அந்த ஆர்டருக்குப் பிடித்த கட்டணம் திரும்பி வரவில்லை, அது தனிப் புலம்பல்.) இவை போக 92,640 வந்திருக்க வேண்டும். இடிக்கிற 4,500-ஐப் பேமென்ட் ஐடி வாரியாகத் தேடினால், வாடிக்கையாளர் கார்டு பேங்கில் புகார் செய்த பழைய ஆர்டருக்கு நிறுத்தி வைத்த பணம். விற்பனை ரிப்போர்ட்டில் இந்த வரியே இல்லை. செட்டில்மென்ட் ரிப்போர்ட்டில் மட்டும் adjustment என்று இருக்கிறது.

வந்த பணத்தையே விற்பனையாக எழுதினால் ஜிஎஸ்டி ரிட்டர்னோடு ஒத்துப்போகாது. அதனால் முழு விற்பனையையும் கேட்வே லெட்ஜரில் பற்று வைத்து, கட்டணத்தையும் ரீஃபண்டையும் அதிலேயே வரவு வைக்கிறேன். 4,500-ஐ இப்போதே செலவாக எழுதுவது சரியில்லை. புகார் கடைக்குச் சாதகமாக முடிந்தால் அது வேறொரு யூடிஆர் எண்ணில், மற்ற பணத்தோடு கலந்து வரும்.

டேலியில் இதற்குத் தனி லெட்ஜர் வைக்கிறீர்களா, இல்லை கேட்வே லெட்ஜரிலேயே பேமென்ட் ஐடியை பில் ரெஃபரன்ஸாகப் போட்டு நிலுவையில் விடுகிறீர்களா?