என்க்ளோஷர்: வேலியடைப்பா, வளைப்பா, வேறு சொல்லா?

மீனாட்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் தொழிற்புரட்சி பற்றிய கல்லூரிப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறோம். ஊர் பொதுவாகப் புழங்கிய நிலத்தை அடைத்துத் தனியாருக்கு ஆக்கிய என்க்ளோஷர் என்பதற்கு இதுவரை "வேலியடைப்பு" என்று போட்டிருக்கிறோம். சிக்கல் இந்த வரியில்: "18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேலியடைப்பினால் நிலமிழந்த குடும்பங்கள் நகர ஆலைகளுக்குச் சென்றன." படித்துப் பார்த்த மாணவர்கள், "வேலி போட்டதற்கு ஏன் ஊரைவிட்டுப் போக வேண்டும்?" என்று கேட்கிறார்கள். சொல் அந்தக் கேள்விக்கு விடை தரவில்லை. உங்கள் பரிந்துரை என்ன?

கதிரவன் எழுதியது:

"நில வளைப்பு" என்று போடுங்கள் அம்மா. ஊர் வாயில் இருக்கும் சொல். நிலக்கிழார்கள் கம்பளிக்காக ஆடு வளர்க்க ஆசைப்பட்டு உழவர்களின் நிலத்தை வளைத்துப் போட்டார்கள். துரத்தப்பட்டவர்கள் மான்செஸ்டர் பஞ்சாலைகளில் போய்ச் சேர்ந்தார்கள். "வேலியடைப்பு" என்றால் இந்தப் பறிப்பு மறைந்துவிடுகிறது.

ஞானசேகரன் எழுதியது:

கதிரவன், ஆடுகளுக்காக உழவர்களை வெளியேற்றியது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் நடந்தது. அப்போது மான்செஸ்டரில் ஆலையே கிடையாது. மீனாட்சி அம்மாவின் பாடத்தில் வருவது பாராளுமன்றச் சட்டம் வழியாக, பெருமளவு 1750-க்கும் 1850-க்கும் இடையில் நடந்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் குடிகளை வெளியேற்றி ஆடு விட்டார்களே, அது இன்னொன்று. அங்கே குத்தகைக்காரர்களை நிலக்கிழார் நேரடியாக வெளியேற்றினார். மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கினால் மாணவர் குழம்புவார்.

முதலில் என்ன இருந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஓர் ஊரைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று பெருவயல்கள் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்தின் நிலமும் அவற்றில் நீளக் கீற்றுகளாகச் சிதறிக் கிடக்கும். கீற்று அவரவர் சொத்து. ஆனால் அறுவடை முடிந்ததும் அரிதாளில் ஊர் மாடுகளெல்லாம் மேயும். அந்த நாட்களில் சொந்தக்காரர் தன் கீற்றை அடைத்துவைக்க முடியாது. வயலுக்கு அப்பால் பொது மேய்ச்சல் வெளி. அங்கே பசு, வாத்து, விறகு, அடுப்புக்கு வெட்டிக் காயவைக்கும் புல்கட்டி எல்லாம் உண்டு. நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்னும் ஊரில் இந்தப் பெருவயல் முறையை இன்றும் காணலாம்.

இனி, இது எப்படி முடிவுக்கு வந்தது? பெரிய நில உடைமையாளர்கள் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுப்பார்கள். 1774-க்குப் பிறகு, மனுவுக்கு முன்பே மாதா கோயில் கதவில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். ஒப்புதலை ஆள்கணக்கில் எண்ணவில்லை, நிலத்தின் மதிப்பில் எண்ணினார்கள். முக்காலிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு மதிப்பு வரை ஒப்புக்கொண்டால் போதும் என்பது வழக்கம். ஊரில் அறுபது குடும்பங்கள் எதிர்த்தாலும் நிலம் நாலு பேரிடம் இருந்தால் மசோதா தேறிவிடும். சட்டம் ஆனபின் ஆணையர்களும் நில அளவையாளரும் வருவார்கள். ஒவ்வொருவரும் தன் உரிமையை எழுத்தில் கோர வேண்டும். அதன்பேரில் கீற்றுகளை ஒன்றுசேர்த்து, மேய்ச்சல் வெளியையும் பங்கிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் நிலம் ஒதுக்குவார்கள்.

இங்கேதான் ஏழைகள் விடுபட்டுப்போனார்கள். மேய்ச்சல் உரிமை பெரும்பாலும் குறிப்பிட்ட வீட்டோடு ஒட்டியது. அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர் இருபது வருடம் பசு மேய்த்திருந்தாலும், ஈடாகக் கிடைத்த நிலம் வீட்டுச் சொந்தக்காரருக்கே போனது. எந்த உரிமை வீடும் இல்லாமல் வழக்கத்தால் மட்டும் விறகு பொறுக்கி, வாத்து மேய்த்து வந்தவர் பொதுவாக எதையும் பெறவில்லை. நிலமே இல்லாதவர் "நிலமிழந்தார்" என்று எழுதுவது பொருந்தாது. அவர் இழந்தது பசுவையும் அடுப்பெரிப்பையும்.

முத்துவேல் எழுதியது:

எங்கள் ஊர் மந்தைவெளியிலும் இதேதான் நடந்தது ஐயா. மேய்ச்சல் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் சுற்றிக் கம்பிவேலி போட்டு ஒருவர் தென்னை வைத்துவிட்டார். இதற்கு "ஆக்கிரமிப்பு" என்ற நல்ல சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? அதோடு, இப்படிப்பட்ட இடத்தை மீட்க யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

ஞானசேகரன் எழுதியது:

முத்துவேல், உங்கள் ஊர் மனுவைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், வருவாய்த்துறை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் உங்கள் எடுத்துக்காட்டு வேறுபாட்டைக் காட்ட நன்றாக உதவுகிறது. ஆக்கிரமிப்பு சட்டத்தை மீறுவது. பதிவேட்டில் அது இன்னும் புறம்போக்குதான், ஆகவே கேட்க வழி இருக்கிறது. இங்கிலாந்தில் பதிவேடே மாற்றப்பட்டது. பொது உரிமையைச் சட்டமே அழித்தது. பிறகு வேலியைப் பிடுங்கினால் குற்றவாளி ஆவது ஊர்க்காரர்தான். ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஆட்மூர் என்ற சதுப்பு மேய்ச்சலில் 1830-இல் மக்கள் திரண்டு ஏழு மைல் சுற்றளவை நடந்து வேலிகளை வெட்டிச் சாய்த்தார்கள். கைதானது அவர்கள்தான். கதிரவனின் "வளைப்பு" எனக்கு இடறுவதும் இதனால்தான். அந்தச் சொல்லில் கள்ளத்தனம் இருக்கிறது. நடந்ததோ பட்டப்பகலில், முத்திரையோடு.

கதிரவன் எழுதியது:

சட்டப்படி நடந்தால் பறிப்பு இல்லை என்று ஆகிவிடுமா ஐயா? வேளாண் சீர்திருத்தத்தை ஊர் ஊராகப் பரப்பிய ஆர்தர் யங்கே, இத்தகைய மசோதாக்கள் இருபதில் பத்தொன்பது ஏழைகளைப் பாதித்தன என்று 1801-இல் எழுதினார். அவர் எதிரணிக்காரர் அல்லர். சொல்லில் அந்த அநீதி தெரிந்தே ஆக வேண்டும்.

ஒன்று கேட்கிறேன்: சிறு நிலம் ஈடாகக் கிடைத்தவர்களாவது பிழைத்தார்களா?

ஞானசேகரன் எழுதியது:

பலர் பிழைக்கவில்லை, அதற்குக் காரணம் வேலிதான். இந்த ஓரிடத்தில் "வேலி" என்ற சொல்லுக்கு வேலை இருக்கிறது. ஒதுக்கிய நிலத்தைக் குறித்த மாதங்களுக்குள் அவரவர் செலவில் அடைக்க வேண்டும் என்பது ஆணையர்களின் தீர்ப்பில் இருக்கும். பள்ளம் வெட்டி, கரையில் முள்செடி நாற்று நட்டு, அது வளரும்வரை ஆடுமாடு கடிக்காமல் மரச்சட்டம் அடிக்க வேண்டும். மரச்சட்டத்தைச் சிக்கனமாக விட்டால் நாற்று போய்விடும், மறுபடி நட வேண்டியதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் சுமார் 361.5 அடி, சுற்றளவு 1,446 அடி. ஏக்கருக்கு 482 அடி வேலி. 300 ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு 14,460 அடி, ஏக்கருக்கு 48 அடிதான். நான்கு பக்கமும் ஒருவரே அடைக்க வேண்டியதில்லை, பக்கத்து நிலத்தாரோடு பிரித்துக்கொடுத்திருப்பார்கள். ஆனால் விகிதம் மாறாது, சிறியவருக்கு ஏக்கருக்குப் பத்து மடங்கு. இதோடு சட்டச் செலவு, அளவைச் செலவு, சாலைச் செலவில் பங்கு. அந்த 3 ஏக்கரில் ஒரு பசுவுக்குத்தான் கோடையில் மேய்ச்சலும் குளிர்காலத்துக்கு வைக்கோற்புல்லும் தேறும். எனவே பெரிய பக்கத்து நிலத்தாரிடம் விற்றுவிட்டுக் கூலிக்குப் போனார்கள்.

தமிழரசி எழுதியது:

வேளாண்மைப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன், பாடத்தின் தலைப்பில் "புதிய பயிர்முறை" இருப்பதால். அந்தப் புதிய முறையான நார்ஃபோக் நான்காண்டுச் சுழற்சி கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, தீவனப்புல்லான க்ளோவர் என்று போகும். பழைய மூன்று வயல் முறையில் மூன்றில் ஒரு பங்கு நிலம் உழுது சும்மா கிடக்கும். புதியதில் எந்த ஆண்டும் நிலம் சும்மா கிடக்காது. க்ளோவர் வேர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். டர்னிப் வயலில் ஆடுகளை அடைத்து மேயவிட்டால் எருவும் அங்கேயே விழும். நம் ஊரில் கிடை போடுவதும் எருவுக்காகத்தான், அதனால் "டர்னிப் கிடை" என்றே எழுதலாம், மாணவருக்கு உடனே புரியும்.

குளிர்காலத்தில் டர்னிப் நிற்கும் கீற்றில் ஊர் மாடுகளுக்கு மேயும் உரிமை இருந்தால் அந்தப் பயிர் மிஞ்சாது. ஆகவே புதிய முறைக்காரர்கள் பொது மேய்ச்சலை ஒழிக்க விரும்பினார்கள். ஆனால் "பெருவயலில் புதிய பயிரே முடியாது" என்று பாடத்தில் எழுதிவிடாதீர்கள். ஊர் கூடி ஒப்புக்கொண்டு பெருவயலின் ஒரு பகுதியில் க்ளோவர் போட்ட இடங்களும் இருந்தன.

இன்னொரு பிழை உங்கள் வரியிலேயே இருக்கிறது. புதிய முறை ஆள்தேவையை எல்லா இடத்திலும் குறைக்கவில்லை. டர்னிப்பைக் களை கொத்த வேண்டும், வேலிக்கும் சாலைக்கும் ஆள் வேண்டும். தானியம் விளைந்த மாவட்டங்களில் வேலை கூடியதும் உண்டு. லெஸ்டர்ஷயர் போல உழவை விட்டு மேய்ச்சலுக்கு மாறிய இடங்களில்தான் ஆள் வெகுவாகக் குறைந்தது.

மீனாட்சி எழுதியது:

அப்படியானால் ஏன் போனார்கள்? நான் எழுதிய வரியே தவறா?

தமிழரசி எழுதியது:

வரி அவசரப்படுகிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் மக்கள்தொகை 1751-இல் ஏறத்தாழ 60 இலட்சம், 1851-இல் அதுபோல் இரண்டரை மடங்குக்கும் மேல். வயல்வேலை கூடினாலும் இத்தனை பேருக்குக் காணாது. முன்பானால் கூலி இல்லாத வாரத்திலும் பசு பால் தரும், மேய்ச்சல் வெளியிலிருந்து விறகு வரும். அது போனபின் குடும்பம் முழுக்கக் கூலியை நம்பியது. பெண்கள் வீட்டில் நூல் நூற்றுச் சம்பாதித்ததை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எந்திரம் பறித்தது. குளிர்கால வேலையாக இருந்த கதிரடிப்பும் எந்திரத்துக்குப் போகத் தொடங்கியது. 1830 ஆகஸ்டில் கென்ட் மாவட்டத்தில் கூலியாட்கள் கதிரடி எந்திரங்களை உடைக்கத் தொடங்கியது இதனால்தான்.

அப்படியும் நேரே ஆலைக்குப் போகவில்லை. பெரும்பாலோர் பக்கத்து ஊர், பக்கத்துச் சிறுநகரம் என்றுதான் நகர்ந்தார்கள். மான்செஸ்டரைச் சூழ்ந்த லங்காஷயர் ஆலைகளுக்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆள் வந்தார்கள். தெற்கே கூலியாட்கள் அங்கேயே வறுமையில் கிடந்தார்கள். ஏழைகளுக்கான உதவியைக் கட்டுப்படுத்திய 1834 ஏழையர் சட்டத்துக்குப் பின் சஃபோக் போன்ற மாவட்டங்களின் குடும்பங்களை அதிகாரிகளே வடக்கு ஆலைகளுக்கு ஏற்பாடு செய்து அனுப்ப வேண்டியிருந்தது. தானாக ஓடிப்போயிருந்தால் அந்த ஏற்பாட்டுக்குத் தேவை இருந்திருக்காது.

ஞானசேகரன் எழுதியது:

தமிழரசி சொல்வதை ஏற்கிறேன். என் பரிந்துரை "தனியடைப்பு". பொதுவாகப் புழங்கியதைத் தனியாக்குவதும் அடைப்பதும் இரண்டும் அதில் இருக்கின்றன. இந்த நிகழ்வுக்கு மட்டும் "சட்டவழித் தனியடைப்பு". ஆடுகளுக்காக 16-ஆம் நூற்றாண்டில் செய்தது "மேய்ச்சல் தனியடைப்பு". ஸ்காட்லாந்துக்கு "குடிவெளியேற்றம்".

கதிரவன் எழுதியது:

"தனியடைப்பு" சிறைக்கொட்டடியை நினைவூட்டுகிறது ஐயா. ஒப்ப முடியவில்லை. "உரிமைவளைப்பு" என்றால் வளைத்தது நிலத்தை அன்று, உரிமையை என்று தெரியும். உங்கள் முத்திரைக்கும் இடம் இருக்கிறது.

மீனாட்சி எழுதியது:

இரண்டையும் அடுத்த வாரம் ஆசிரியர் குழுவில் வைக்கிறேன். வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "பொது மேய்ச்சல் உரிமை சட்டத்தால் ஒழிந்தபின், கூலியை மட்டுமே நம்பிய குடும்பங்கள் பெருகின. வீட்டு நூற்பும் குளிர்காலக் கதிரடிப்பும் குறைந்தபோது அவர்களுள் பலர் அருகிலுள்ள நகரங்களுக்கு நகர்ந்தனர்." இதில் என்க்ளோஷருக்கான சொல்லே வரவில்லை என்பதைக் கவனித்தேன், ஆனால் அத்தியாயத் தலைப்புக்கு அது வேண்டும். பெருவயலுக்குக் "கரையீடு" என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். சரியா?

ஞானசேகரன் எழுதியது:

வேண்டாம். கரையீட்டில் தஞ்சை மிராசுதாரர்கள் நிலத்தைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றிப் பங்கிட்டுக்கொண்டார்கள். இங்கிலாந்தின் உழவுக் கீற்று ஒரே குடும்பத்திடம் தலைமுறையாக இருந்தது, வாங்கவும் விற்கவும் முடிந்தது. சில ஊர்களில் புல்வெட்டும் தாழ்நிலத்தை மட்டும் ஆண்டுதோறும் சீட்டுப்போட்டுப் பிரித்தார்கள். அதற்கு வேண்டுமானால் கரையீட்டை ஒப்பிட்டுக் காட்டலாம். பெருவயலுக்கு "திறந்தவெளிப் பெருவயல்" போதும்.