மாத நடுவில் ஒருபக்க அடிவயிற்று வலி: சொல் ஒன்று தேவை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

குழும நண்பர்களுக்கு வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடைப் பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெண்களுக்காக மாதவிலக்கு பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறோம். இரண்டு விலக்குகளுக்கு இடைப்பட்ட நாட்களில், அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் சில மணி நேரமோ ஓரிரு நாளோ இருந்துவிட்டுத் தானே அடங்கும் வலிக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. மருத்துவ நூல்கள் ‘மிட்டெல்ஷ்மெர்ட்ஸ்’ என்ற ஜெர்மன் சொல்லையே ஆள்கின்றன. ‘நடுவில் வரும் வலி’ என்பது அதன் பொருள். நேரடியாக ‘நடுவலி’ என்று வைக்கலாமா? எங்கள் ஊர்ப் பெண்கள் ‘ஒரு பக்கமா இழுத்துப் பிடிக்குது’ என்றுதான் சொல்கிறார்கள்.

செங்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பெயர் காரணத்தைச் சுட்டினால் நினைவில் நிற்கும். பதினான்காம் நாள் முட்டை வெடித்து வெளியேறுவதால்தானே இவ்வலி வருகிறது? ஆகவே ‘முட்டைவெடிப்பு வலி’ என்பது பொருத்தமாக இருக்கும். ஒரு மாதம் வலப்பக்கமும் மறு மாதம் இடப்பக்கமுமாக மாறி மாறி வரும் என்று படித்திருக்கிறேன். அதையும் கையேட்டில் குறிப்பிட்டால், எப்போதும் ஒரே பக்கம் வலிப்பவர்கள் உடனே மருத்துவரிடம் செல்வார்கள்.

நெடுமங்காட்டிலிருந்து, ஓர் உறுப்பினர்

நடுவலிக்குக் கொட்டஞ்சுக்காதித் தைலத்தை இளஞ்சூட்டில் தடவி, அரை மணி நேரம் கழித்து வெந்நீரில் குளித்தால் நல்ல குணம் தெரியும். பாரம் தூக்காமல் இருப்பதும் முக்கியம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

நெடுமங்காட்டு அண்ணாச்சிக்கு நன்றி. நான் கேட்டது இடுப்பு வலியைப் பற்றி அன்று. ஆனால் இதற்கு மேல் ‘நடுவலி’ என்ற சொல்லுக்காக வாதாட முடியாது என்று உங்கள் மடலால் தெரிந்துகொண்டேன். மலையாளத்தில் நடுவேதனை என்றால் முதுகின் கீழ்ப்பகுதி வலி. எங்கள் ஊர்த் தமிழிலும் அதே பொருளில் வழங்குகிறது. ஆந்திரத்துச் சித்தூர், நகரிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர், தெலுங்கில் நடுமு நொப்பி என்பதும் இடுப்பு வலியே என்று தனிமடலில் எழுதியிருக்கிறார். ஆந்திர எல்லை, கேரள எல்லை இரண்டிலும் இந்தப் பெயர் எண்ணெய்ப் புட்டியில்தான் போய் முடியும்.

பொள்ளாச்சியிலிருந்து, மகப்பேறு மருத்துவர்

ஆசிரியர் ஐயா அவர்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. வலி கருமுட்டை வெளிப்படுவதோடு தொடர்புடையது. எந்தப் பக்கத்துச் சினைப்பையில் அந்த மாதம் முட்டை முதிர்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் வலிக்கும். ஆனால் முட்டை வெடிப்பதில்லை. முட்டை இருக்கும் சிறு நீர்ப்பை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, சினைப்பையின் உறையை உள்ளிருந்து இழுக்கிறது. பிறகு அந்த நீர்ப்பை திறந்து, முட்டையோடு நீரும் சில துளி இரத்தமும் வயிற்றறைக்குள் சிந்துகின்றன. அவை வயிற்றறையின் உட்சவ்வில் படும்போது உறுத்துகின்றன. இந்த இரண்டில் எது எவருக்கு எவ்வளவு வலியைத் தருகிறது என்பது இன்னும் முழுமையாகத் தெளிவாகவில்லை. 1980இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஸ்கேன் ஆய்வு ஒன்று, நீர்ப்பை திறப்பதற்கு முன்பே பெரும்பாலோருக்கு வலி வந்துவிடுவதைக் காட்டியது. அப்படியானால் சிந்திய நீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உறை இழுபடுவதும், முட்டையை வெளியேற்றத் தூண்டும் இயக்குநீர் திடீரென்று உயரும்போது சினைப்பைக்குள் சுரக்கும் வேதிப்பொருள்களும் பங்கு வகிக்கலாம். ‘வெடிப்பு’ என்று பெயர் வைத்தால், வலிக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது என்ற தவறான கணக்கையும் சேர்த்தே கற்பித்துவிடுவோம். அந்தக் கணக்கை நம்பிக் கருத்தடைக்கு நாள் குறிப்பவர்களும் உண்டு.

பக்கம் மாறி மாறி வருவது விதியன்று. இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்து ஒரே சினைப்பையிலிருந்து முட்டை வருவது இயல்பாகவே நடக்கும். ஆகவே ஒரே பக்கம் என்பதை மட்டும் வைத்து யாரையும் அஞ்ச வைக்க வேண்டாம்.

வேலந்தாவளத்திலிருந்து, ஓர் உறுப்பினர்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். சொல்லைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். எனக்கு 34, 35 நாளுக்கு ஒருமுறைதான் விலக்கு வரும். ஜூன் 2ஆம் தேதி விலக்கு. 22ஆம் தேதி வலப்பக்கம் வலி. அடுத்த விலக்கு ஜூலை 6. அந்தச் சுழற்சியிலும் ஜூலை 27 அன்று அதே பக்கம் வலித்தது. ஆகஸ்ட் 10இல் விலக்கு. பதினான்காம் நாள் வராமல் இருபத்தோராம் நாளுக்கு மேல் வருகிறதே, கட்டியோ என்று பயந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, இது முட்டை வலிதான் என்று தைரியம் சொன்னார். ஆகஸ்ட் 20ஆம் தேதி மீண்டும் வலி வந்தபோது அதே வலி என்று இரண்டு நாள் மருந்துக்கடை மாத்திரையோடு இருந்துவிட்டேன். கடைசியில் அது குடல்வால் அழற்சி. அறுவை செய்ய வேண்டியதாயிற்று. எப்படிப் பிரித்தறிந்திருக்கலாம் என்று சொன்னால் மற்றவர்களுக்கு உதவும்.

பொள்ளாச்சியிலிருந்து

தங்கச்சி தேதிகளைக் குறித்து வைத்திருப்பது பெரிய உதவி. முதல் இரண்டு மாதங்களைப் பாருங்கள். ஜூன் 22இலிருந்து ஜூலை 6 வரை 14 நாள். ஜூலை 27இலிருந்து ஆகஸ்ட் 10 வரையும் 14 நாள். முட்டை வெளிப்பட்ட பிறகு விலக்கு வரும் வரை உள்ள காலம் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தை ஒட்டியே இருக்கும்; நீள்வதும் குறைவதும் பெரும்பாலும் அதற்கு முந்தைய பகுதிதான். ஆகவே இந்த வலியின் நாளைப் பின்னோக்கி, அடுத்த விலக்கிலிருந்து எண்ண வேண்டும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது பதினான்காம் நாளை ஒட்டி விழும். உங்களுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு. இரண்டும் கணக்கோடு பொருந்துகின்றன. இதில் சிக்கல் என்னவென்றால், பின்னோக்கி எண்ணும் கணக்கு வலி வந்த அன்று கைகொடுக்காது. விலக்கு வந்த பிறகே உறுதியாகும்.

ஆகஸ்ட் 20 உங்கள் சுழற்சியில் பதினோராம் நாள். வழக்கமான கணக்குப்படி மாத இறுதியில்தான் வலியை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் ஏதேனும் ஒரு மாதத்தில் சுழற்சி குறுகிவிடலாம் என்பதால் நாள் பொருந்தாததை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டேன். வலி எங்கே தொடங்கியது? சாப்பிட முடிந்ததா?

வேலந்தாவளத்திலிருந்து

இரவில் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கியது. காலையில் வலப்பக்கம் கீழே இறங்கி நின்றுவிட்டது. சோறு கண்டாலே குமட்டல். இரண்டாம் நாள் காய்ச்சல். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் வலித்தது.

பொள்ளாச்சியிலிருந்து

குடல்வாலின் வலி வழக்கமாக நடந்து வரும் வழி அதுதான். முட்டை வலி தொப்புளிலிருந்து இறங்கி வருவதில்லை, பசியைக் கெடுப்பதில்லை, காய்ச்சல் தருவதில்லை, நேரம் ஆக ஆகக் குறையுமே தவிரக் கூடாது. இரண்டு நாளைத் தாண்டி நின்றாலும், வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தாலும், முன்னர் எத்தனை முறை தானே சரியாகியிருந்தாலும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

கையேட்டில் மேலும் மூன்று நிலைகளைக் கட்டாயம் எழுதுங்கள். விலக்கு தள்ளிப்போயிருக்கும்போது ஒருபக்க வலி வந்தால், கருத்தடைச் சாதனம் பொருத்தியிருந்தாலும் முதலில் கருவுற்றிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கருக்குழாயில் கரு தங்கிக் குழாய் கிழிந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியும், தலைசுற்றும், சிலருக்குத் தோள் நுனியில் வலிக்கும். திடீரென்று வெட்டியது போன்ற வலியும் தொடர் வாந்தியும் சேர்ந்து வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரத்த ஓட்டம் தடைப்படுவதால் அங்கே மணிக்கணக்கு முக்கியம். இடையிடையே வலி குறைந்தாலும் நம்பக் கூடாது. மூன்றாவதை மருத்துவர்களே சில நேரம் கேட்க மறந்துவிடுகிறோம்: இதய வால்வு மாற்றி இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்ணும் பெண்ணுக்கு, மற்றவர்களுக்குச் சில துளிகளோடு நிற்கும் கசிவு நிற்காமல் போகலாம். அவருக்கு மாத நடுவில் வலியோடு மயக்கம் வந்தால் தாமதிக்கலாகாது.

அன்றாடம் கருத்தடை மாத்திரை உண்பவருக்கு முட்டை வெளிப்படுவது பொதுவாக நின்றிருக்கும். அவருக்கு வரும் வலிக்கு வேறு காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து

‘வெடிப்பு’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ‘சினைநாள் வலி’ என்று சுருக்கமாக வைக்கலாமே. சினைப்பை என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

ஐயா, நாளிதழில் சினைப்பை என்று படிப்பார்கள். ஆனால் மாந்தோப்பில் வேலை செய்யும் பெண்ணிடம் ‘உனக்குச் சினைநாள்’ என்றால் என்னை மாட்டுத் தொழுவத்துக்குப் போகச் சொல்வார். ‘கருமுட்டைக்கால வலி’ என்று எழுதிப் பார்க்கிறேன். முட்டை வெளிப்படுவதற்குச் சற்று முன்பும் பின்பும் வருவதை இது அடக்கும், நாள் எண்ணையும் சொல்லவில்லை.

செங்கோட்டையிலிருந்து

நீளம். வாயில் நிற்காது. ‘முட்டைநாள் வலி’ என்றால் என்ன குறை?

பொள்ளாச்சியிலிருந்து

‘நாள்’ என்பது எனக்கு இடறுகிறது. இரண்டு நாள் நீடிப்பவர்கள் உண்டு. ஆனால் பெண்கள் எதைச் சொல்வார்கள் என்பதை நான் முடிவு செய்ய முடியாது. இரண்டையும் அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வேண்டுகோள்: பெயருக்கு அடுத்த வரியிலேயே, காய்ச்சல், வாந்தி, மயக்கம், தள்ளிப்போன விலக்கு, கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் இந்தப் பெயர் பொருந்தாது என்று எழுதுங்கள். வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் பாராசிட்டமாலும் பெரும்பாலும் போதும். குழந்தைக்காக முயல்பவர்கள் மெஃபனமிக் அமிலம், இபுபுரூஃபன் போன்றவற்றை அந்த நாட்களில் தாமாக வாங்கி உண்ண வேண்டாம் என்றும் சேருங்கள். முட்டை வெளியேறுவதை அவை தாமதப்படுத்தக்கூடும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

சேர்த்துவிட்டேன். முதல் படியில் ‘கருமுட்டைக்கால வலி’ என்றும், பக்கத்தில் ‘ஒரு பக்கமா இழுத்துப் பிடிக்கும் வலி’ என்றும் போட்டிருக்கிறேன். முதலமடையில் ஆஷா அக்காமார் நடத்தும் கூட்டத்தில் இரண்டையும் வாசித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன். ஆசிரியர் ஐயாவின் சொல்லையும் கையோடு கொண்டுபோகிறேன்.