மீன்குழம்பு சிவக்க வேண்டும், காரம் ஏறக் கூடாது: காஷ்மீரித் தூளா, குண்டூர்த் தூளா?

காவிரிக்கரை:

போன மாதம் தங்கையின் மறுவீட்டு விருந்து எங்கள் வீட்டில் நடந்தது. ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கி மீன்குழம்பு வைத்தேன். எப்போதும் வைக்கும் அளவுதான்: எலுமிச்சை அளவு புளி, இரண்டு கை சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, மூன்று தேக்கரண்டி மிளகாய்த்தூள், நான்கு தேக்கரண்டி மல்லித்தூள். குண்டூர் மிளகாய் வாங்கி மில்லில் அரைத்த தூள். ருசியில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இலையில் ஊற்றும்போது மங்கிய செங்கல் நிறத்தில் இருந்தது, எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த வாரம் தூளை ஐந்து தேக்கரண்டியாக ஏற்றினேன். கொஞ்சம் சிவந்தது. ஆனால் என் மகன் இரண்டாவது வாயிலேயே தண்ணீரைத் தேடினான், மாமியார் குழம்பை ஒதுக்கிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். அதற்கடுத்த வாரம் காஷ்மீரி மிளகாய்த்தூள் வாங்கி, குண்டூர்த் தூளை முழுவதுமாக விட்டுவிட்டு இதையே மூன்று தேக்கரண்டி போட்டேன். நிறம் கண்ணைப் பறித்தது. சாப்பிட்டால் புளி மட்டும் நாக்கில் நிற்கிறது. அதே புளி, அதே உப்புதான் போட்டேன், ஏன் இப்படி ஆனது என்று தெரியவில்லை. இந்த இரண்டு தூளையும் வைத்துச் சமைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

புதுக்குடித்தனம்:

அக்கா, எனக்கும் இந்தப் பயம் உண்டு. கடையில் ரொம்பச் சிவப்பாக இருக்கும் தூளைப் பார்த்தாலே சாயம் கலந்திருப்பார்களோ என்று தோன்றும். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் தூவிப் பாருங்கள். உடனே சிவப்புக் கோடு கோடாக இறங்கினால் சாயம். நான் இப்படிப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

மாவு மில் வீடு:

தங்கச்சி, அக்கா கேட்பது கலப்படத்தைப் பற்றி இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் இந்தக் கேள்விக்கு உதவும். மிளகாயின் சொந்த நிறம் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது, எண்ணெயில்தான் இறங்கும். அதனால்தான் தண்ணீரில் சட்டென்று சிவப்பு ஓடினால் சந்தேகப்படச் சொல்கிறார்கள். ஆனால் எண்ணெயில் கரையும் சாயமும் உண்டு. சூடான் என்று செய்தியில் அடிபட்டது அந்த வகைதான். அதை டம்ளர் தண்ணீர் காட்டிக்கொடுக்காது.

காவிரிக்கரை அம்மாவுக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்துக்கு முப்பது வருடமாக மில்தான் தொழில். மிளகாயில் நிறம் தருவது ஒன்று, காரம் தருவது வேறொன்று. இரண்டும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும் என்று நினைத்தால் கணக்கு தப்பும். குண்டூர் மிளகாயில் காரம் அதிகம், நிறம் நடுத்தரம். காஷ்மீரியும் கர்நாடகத்து பேடகியும் தோல் சுருங்கி, விதை குறைவாக, நிறம் அடர்த்தியாக இருக்கும். உறைப்பு மட்டு. காஷ்மீரி என்று கேட்டால் பேடகியை எடுத்துக் கொடுக்கும் கடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். குழம்புக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

நீங்கள் மாற்றியது ஸ்பூனுக்கு ஸ்பூன். அங்கேதான் பிசகியது. எங்கள் கைக்கணக்கில் மூன்று ஸ்பூன் காஷ்மீரி சேர்ந்தால்தான் ஒரு ஸ்பூன் குண்டூர்த் தூளின் காரம் வரும். நீங்கள் போட்ட மூன்று ஸ்பூனில் காரம் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. காரம் இறங்கியதும் அதுவரை அடங்கியிருந்த புளிப்பு மேலே வந்துவிட்டது. புளி கூடவில்லை, அதற்குத் துணை குறைந்துவிட்டது.

செக்கடி வீதி:

காஷ்மீரிக்கு எதற்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டும்? காரம் முழுக்க விதையில்தான் இருக்கிறது. குண்டூர் மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு அரையுங்கள். காரமும் போகும், சிவப்பாகவும் இருக்கும். என் அம்மா அப்படித்தான் செய்வார்.

மாவு மில் வீடு:

பாதி சரி, அண்ணே. விதை வெளிர் மஞ்சள். அதை எடுத்துவிட்டு அரைத்தால் தூள் நிச்சயம் சிவப்பாக வரும், எங்களிடமே சிலர் அப்படிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் காரம் இருப்பது விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில். விதையை உதறும்போது அந்த நரம்பிலும் கொஞ்சம் உதிர்வதால் காரம் குறைந்த மாதிரி தெரியும். மிச்சம் தோலின் உள்பக்கமே ஒட்டிக்கொண்டிருக்கும். கிலோ கணக்கில் கிள்ளி முடித்துவிட்டு, கை எரிய எரிய, "காரம் குறையவே இல்லையே" என்று வந்து கேட்டவர்கள் உண்டு.

தென்கரை கோட்டயம்:

நான் திருநெல்வேலியில் பிறந்து கோட்டயத்தில் வாழ்க்கைப்பட்டவள். இங்கே சிவப்பு மீன்கறிக்கு ஒரு கிலோ மீனுக்கு மூன்று மேசைக்கரண்டி காஷ்மீரித் தூள் போடுவோம். காரத்தூள் ஒரே தேக்கரண்டி, வீட்டுக்கு வீடு கூடும் குறையும். மல்லித்தூள் எங்கள் வீட்டில் போடுவதே இல்லை. கல்யாணமான புதிதில் அதுதான் எனக்கு ஆச்சரியம். பிறகு ஒரு நாள் திருநெல்வேலி பழக்கத்தில் நான் இரண்டு கரண்டி மல்லித்தூள் போட்டேன், சட்டியில் இருந்த சிவப்பு கண்முன்னே மண் நிறமாக மாறியது. அக்கா, உங்கள் குழம்பில் மிளகாயைவிட மல்லி அதிகம். காஷ்மீரியைத் தேடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, புளி. பழைய புளி கறுத்திருக்கும், அந்தக் கரைசலே காபி நிறம். சிவப்பு வேண்டுமென்றால் புதுப்புளியாக எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் குடம்புளியைக் கழுவித் துண்டாகவே போடுவதால் குழம்பு அவ்வளவாகக் கலங்குவதில்லை.

அப்புறம் தூளை நேராக எண்ணெயில் கொட்டக் கூடாது. மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது: இரண்டு தூளையும் மஞ்சளையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் விட்டுத் தோசைமாவு பதத்துக்குக் குழைத்துவிட வேண்டும். வெங்காயம், இஞ்சி, பூண்டு வதங்கியதும் தீயை நன்றாகக் குறைத்து இந்தக் குழைவைச் சேர்க்க வேண்டும். அதில் தண்ணீர் இருக்கும்வரை தூள் கருகாது. கிண்டிக்கொண்டே இருந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் பச்சை வாடை போய், ஓரத்தில் சிவப்பு எண்ணெய் கசியும். அந்த எண்ணெயின் நிறம்தான் கடைசியில் குழம்பின் மேல் மிதக்கப்போகிறது. கசிந்த உடனே வெந்நீரும் புளியும் ஊற்றிவிட வேண்டும். மூக்கில் கமறி இருமல் வந்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கருகிய தூள் கசக்கும், பழுப்பாகும். எவ்வளவு காஷ்மீரி சேர்த்தாலும் அது திரும்பாது. ஒரு முறை அப்படி ஆகி, சட்டியைக் கழுவி முதலில் இருந்து தொடங்கினேன்.

செக்கடி வீதி:

தூளை வதக்குவது கேரளத்துப் பழக்கம். எங்கள் ஊரில் புளிக்கரைசலிலேயே எல்லாத் தூளையும் கரைத்து ஊற்றி, எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்க வைப்போம். அந்த வாசம் வதக்கிய குழம்பில் வராது. நிறத்துக்காக வாசத்தை விட மாட்டேன்.

யாழ் அடுப்படி:

எங்களுக்கு இந்தச் சிவப்புக் கவலையே வந்ததில்லை. யாழ்ப்பாணத்துத் தூள் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு எல்லாம் வறுத்து இடித்தது. குழம்பு கறுத்த சிவப்பாகத்தான் வரும், வர வேண்டியதும் அந்த நிறம்தான். ஆனால் ஒரு அனுபவம் சொல்கிறேன். கனடாவுக்கு வந்த புதிதில் அம்மா அனுப்பிய தூளைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு ஜன்னல் பக்கம் வைத்திருந்தேன். சில மாதத்தில் வெளிச்சம் பட்ட பக்கம் வெளிறி வைக்கோல் நிறமாகிவிட்டது. காரமும் போயிருக்கும் என்று நினைத்து இரண்டு மடங்கு போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. நிறம் போனது, உறைப்பு அப்படியே இருந்தது. இப்போது தூள் எல்லாம் மூடிய டின்னில், அலுமாரிக்குள்.

மாவு மில் வீடு:

இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். காஷ்மீரித் தூளை நிறத்துக்காகவே வாங்குகிறோம், அதனால் அதைக் கால் கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

காவிரிக்கரை அம்மா, உங்கள் வீட்டுக்கு மூன்று ஸ்பூன் குண்டூர்த் தூளின் காரம் சரியாக இருந்தது. அதை மாற்ற வேண்டாம். அதில் ஒரு ஸ்பூனை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று ஸ்பூன் காஷ்மீரி போடுங்கள். இரண்டு குண்டூர், மூன்று காஷ்மீரி. காரம் ஏறத்தாழ பழையபடியே இருக்கும். மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன் கூடுவதால் மல்லித்தூளை இரண்டாகக் குறைத்துவிடுங்கள். மொத்தத் தூள் முன்பு போலவே ஏழு ஸ்பூன், குழம்பின் கெட்டியும் மாறாது.

ஆனால் பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு காரம் மாறும். புதுப் பாக்கெட் பிரித்தால் நான் இப்படிப் பார்ப்பேன்: ஒரு ஸ்பூன் எண்ணெயைச் சூடாக்கி இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் கால் ஸ்பூன் தூளைப் போட்டுப் பத்து நிமிடம் விடுவேன். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டால் நிறம் தெரிந்துவிடும். மீதியைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் தின்றால் காரம் தெரிந்துவிடும். வீட்டுத் தூளையும் பக்கத்திலேயே இப்படிப் போட்டால்தான் வித்தியாசம் பிடிபடும்.

காவிரிக்கரை:

ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்த்தேன். வஞ்சிரம் கிடைக்கவில்லை, சங்கரா. இரண்டு குண்டூர், மூன்று காஷ்மீரி, இரண்டு மல்லி, கோட்டயத்துத் தங்கை சொன்னபடி குழைத்து நல்லெண்ணெயில் குறைந்த தீயில் வதக்கினேன். நாலாவது நிமிடம் ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகக் கசிந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரையும் அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டேன். காரம் சரியாக இருந்தது, மகன் மறுசோறு கேட்டான்.

ஒரே ஒரு குறை. மல்லி குறைந்ததால் மறுநாள் பழங்குழம்பில் எப்போதும் வரும் அந்த மணம் வரவில்லை, மாமியாரும் அதையே சொன்னார். மூன்று ஸ்பூன் மல்லிக்கு ஏற்றினால் நிறம் எவ்வளவு இறங்கும் என்று அடுத்த வாரம் பார்க்கிறேன்.

செக்கடி வீதி:

மல்லியை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு முறை தூளை வதக்காமல், கரைத்து ஊற்றிப் பாருங்கள் தங்கச்சி. உங்கள் மாமியார் தேடும் மணம் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.