கட்டுரை முடிவில் ‘இப்போதே வாங்குங்கள்’ எடுபடவில்லை, என்ன மாற்றலாம்?

இருப்புக்கணக்கு: சரக்கு இருப்பைக் கவனிக்கும் மென்பொருளுக்காக எழுதிய கட்டுரை. தலைப்பு ‘ஏட்டில் உள்ள இருப்பும் கையில் உள்ள இருப்பும் ஏன் ஒத்துப்போவதில்லை?’. தேடலில் நிறைய பேர் வருகிறார்கள். கடைசியில் இருக்கும் ‘இப்போதே வாங்குங்கள்’ பொத்தானை அநேகமாக யாரும் அழுத்துவதில்லை. வேறு என்ன வாசகம் போடலாம்?

சிவப்புமை: கடைசி வரை யார் படிக்கிறார்கள்? முதல் பத்திக்குக் கீழே ஒன்று, நடுவில் ஒன்று வையுங்கள். நிறமும் எடுப்பாக இருக்கட்டும்.

எழுத்தாணி: கடைசி வரை வருகிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கூகுள் அனலிட்டிக்ஸின் `scroll` எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்தின் 90% உயரத்தைத் தாண்டினால்தான் அது பதிவாகும். கட்டுரைக்குக் கீழே பரிந்துரைகள் நீளமாகக் கிடந்தால், முடிவைப் படித்துவிட்டுப் போனவரும் கணக்கில் வரமாட்டார். டேக் மேனேஜரில் `Element Visibility` என்பதைக் கடைசிப் பத்திக்கு வைத்து எண்ணுங்கள். பத்தியைப் பார்த்தவர்கள் நிறைய, அழுத்தியவர்கள் இல்லை என்றால் நிறத்தில் குறையில்லை, கேட்பதில்தான் குறை.

‘ஏன் ஒத்துப்போவதில்லை’ என்று தேடுபவர் இன்னும் காரணத்தைத்தான் தேடுகிறார். மென்பொருள் வேண்டுமா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. படித்த கையோடு அவர் செய்யக்கூடிய அடுத்த வேலையைக் கொடுங்கள். இப்படி முடிக்கலாம்:

‘எல்லாவற்றையும் எண்ண வேண்டாம். அதிகம் புழங்கும் 10 பொருட்களை மட்டும் எண்ணுங்கள். ஏட்டில் உள்ளது, கையில் உள்ளது, வித்தியாசம், காரணம் என்று கட்டம் போட்ட தாள் இதோ.’

பொத்தானில் ‘எண்ணும் தாளை எடுத்துக்கொள்ள’. அதே இடத்தில் ‘வாங்க’ என்று இன்னொன்றும் வேண்டாம். மென்பொருளின் பெயர் தாளின் அடியில் ஒரு வரியாக இருந்தால் போதும்.

புதுவரி: என்னுடையது இரண்டு மென்பொருட்களின் விலையை ஒப்பிடும் கட்டுரை. அப்படியானால் நானும் வாங்கச் சொல்லக் கூடாதா?

எழுத்தாணி: உங்கள் கதை நேர்மாறு. விலையை ஒப்பிடுபவரிடம் எண்ணும் தாளை நீட்டினால் அதுவும் பொருந்தாது. அவருக்கு ‘உங்கள் சரக்குப் பட்டியலை ஏற்றிச் சோதித்துப் பாருங்கள்’ சரியாக இருக்கும். சந்தேகம் இருந்தால் சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்துக்கு வந்த தேடல் சொற்களைப் பாருங்கள். ‘ஏன்’, ‘எப்படி’ அதிகமா, ‘விலை’, ‘எது நல்லது’ அதிகமா? இரண்டும் கலந்திருந்தால் ஒரே முடிவில் இருவரையும் பிடிக்கப் பார்க்காமல் கட்டுரையை இரண்டாகப் பிரிப்பது நல்லது.

இருப்புக்கணக்கு: தாள் கொடுக்கும்போது மின்னஞ்சல் கேட்கலாமா? விற்பனைப் பிரிவு பெயர்ப் பட்டியல் கேட்கிறது.

சிவப்புமை: கேட்காமல் விட்டால் வந்தவர் யாரென்றே தெரியாமல் போய்விடும்.

எழுத்தாணி: கேட்டால் தாளை எடுப்பவர்கள் குறைவார்கள், கேட்காவிட்டால் பின்தொடர வழியில்லை. நானாக இருந்தால் தாளைச் சும்மா கொடுத்துவிட்டு, ‘வித்தியாசம் வந்தால் அடுத்து என்ன’ என்ற தொடர்ச்சியை அனுப்ப மட்டும் மின்னஞ்சல் கேட்பேன்.

சிவப்புமை: அதற்குள் பாதிப் பேர் தாளோடு போய்விடுவார்கள்.

இருப்புக்கணக்கு: கடைசிப் பத்தியையும் பொத்தானையும் இன்று மாற்றுகிறேன். மின்னஞ்சல் விஷயத்தை எண்ணிக்கை வந்த பிறகு பார்க்கிறேன்.