பட்டியல் போட்டும் முடிவு வரவில்லை: தையலா, டியூஷனா?

ஹட்டன் பக்கம் தோட்டத்து லயத்தில் இருக்கிறேன். கொழுந்துச் சம்பளத்தோடு இன்னொரு வருமானம் வேண்டும். கொப்பியில் நாலு நிரல் போட்டேன். தெரிந்தது: பிளவுஸ், யூனிபோர்ம் தையல், ஓ.எல். கணக்கு. ஆட்கள்: கூடக் கொழுந்தெடுக்கும் பெண்கள், முன்பள்ளி டீச்சர். பொருள்: மிதிக்கிற தையல் மெஷின். நேரம்: மாலை ஆறு முதல் எட்டு, ஞாயிறு.

ஒரு நிரலில் இடறினாலும் அந்த யோசனையை வெட்டினேன். காலையில் ரொட்டி விற்பது நேரத்தில் போனது, மரக்கறி போடுவது நிலமில்லாமல் போனது. மிஞ்சிய இரண்டுக்கும் அதே மாலை நேரம்தான் இருக்கிறது. தையல் வேலை, பள்ளி தொடங்கும்போது குவியும், அப்புறம் படுத்துவிடும். காசும் சம்பள நாளில்தான் வரும். டியூஷன் மாதாமாதம் வரும், ஆனால் லயத்து அறையில் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் உட்கார முடியாது.

இந்த நிலையில் நீங்கள் எதை முதலில் தொடங்குவீர்கள், ஏன்?