பூட்டிய வீட்டில் ஒட்டிய சம்மனும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பும்

தோஹாவிலிருந்து, கீழத்தெரு

சங்கத்துப் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஊரில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டையும் அதன் பின்னாலுள்ள மனையையும் அளப்பதற்கு வக்கீல் கமிஷனர் ஒருவர் சர்வேயரோடு வந்து நிற்பதாக, கடந்த ஜனவரி 6ஆம் தேதி பக்கத்து வீட்டு அத்தாச்சி போன் செய்தார்கள். என் பெரியப்பா மகன் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்திருந்ததும், நான் ஆஜராகவில்லை என்று சென்ற ஆகஸ்டிலேயே முதனிலைத் தீர்ப்பாணை வழங்கப்பட்டிருந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தன. சம்மன் எதுவும் என் கைக்கு வரவில்லை. நான் இங்கே வேலை பார்ப்பது அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். முப்பது நாள் கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். இனி வழி உண்டா?

கோலாலம்பூரிலிருந்து, வடக்குத்தெரு

தம்பி, தீர்ப்பு வந்த பிறகு அதே நீதிபதியிடம் போய் நின்று பயனில்லை. மேல்முறையீடு ஒன்றுதான் வழி. நாள் கடந்துவிட்டதால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

மஸ்கட்டிலிருந்து

எனக்கும் இப்படித்தான் நடந்தது. காசோலை வழக்கில் வாய்தாவுக்குப் போகாததால் பிடிவாரண்ட் பிறப்பித்துவிட்டார்கள். விடுப்பில் வந்தபோது நேரில் ஆஜராகி வாரண்டை ரத்து செய்துகொண்டேன். தம்பியும் முதலில் டிக்கெட் போடுவது நல்லது.

மெல்பர்னிலிருந்து, அக்ரஹாரத்து முனை வீடு

சிவில் நீதிமன்றங்களில் நெடுநாள் வக்கீலாக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். மஸ்கட் தம்பி சொன்னது குற்றவியல் வழக்கு. இங்கே வாரண்டும் இல்லை, கைதும் இல்லை; ஆகவே தோஹா தம்பி பதறிக்கொண்டு புறப்பட வேண்டியதில்லை.

கோலாலம்பூர் அண்ணன் சொன்னதில் பாதி சரி. ஒருதலைப்பட்சத் தீர்ப்பின் மீதும் மேல்முறையீடு செய்யலாம் என்பது உண்மை. ஆனால் அங்கே பெரும்பாலும் பதிவில் உள்ள சாட்சியத்தை வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கும். நம் தரப்புச் சாட்சியமோ அந்தப் பதிவில் அறவே கிடையாது. அதனால் இப்படிப்பட்ட நிலைமைக்கென்றே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 9, விதி 13 இருக்கிறது. தீர்ப்பு வழங்கிய அதே நீதிமன்றத்தில், சம்மன் முறைப்படி சார்வு செய்யப்படவில்லை, அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கப்படவில்லை என்றோ, விசாரணை நாளில் வரமுடியாதபடி போதிய காரணம் தடுத்தது என்றோ காட்டினால், தீர்ப்பை ரத்து செய்து வழக்கைத் திரும்பவும் எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: மேல்முறையீட்டை முதலில் போட்டு, அதைத் திரும்பப் பெறாமல், அது முடிவும் ஆகிவிட்டால், விதி 13-இன் கதவு அடைபட்டுவிடும்.

கெடுவைப் பற்றி ஊரில் சொல்வது முழுமையானதல்ல. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 123ஆம் உறுப்பின்படி, முப்பது நாள் என்பது தீர்ப்பாணைத் தேதியிலிருந்துதான் தொடங்கும்; ஆனால் சம்மன் முறைப்படி சார்வாகாதவருக்கு, தீர்ப்பு அவருக்குத் தெரிய வந்த நாளிலிருந்து தொடங்கும். தம்பிக்கு அது ஜனவரி 6 என்று வைத்தால் பிப்ரவரி 5 வரை நாள் இருக்கிறது. பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்றுமுறைச் சார்வையும் இந்தக் கணக்குக்கு முறையான சார்வாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. இருந்தும் நீதிபதி சார்வு சரியே என்று கருதிவிட்டால் கணக்கு ஆகஸ்டுக்குப் போய்விடுமாகையால், அதே சட்டத்தின் பிரிவு 5-இன் கீழ் தாமத மன்னிப்பு மனு ஒன்றையும் கூடவே தாக்கல் செய்ய வேண்டும். அதில் "தாமதம் உண்டு" என்று ஒப்புக்கொள்வது போல எழுதாமல், "தாமதம் என்று நீதிமன்றம் கருதும் பட்சத்தில்" என்று எழுதச் சொல்லுங்கள்; எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் முதலில் தேடுவார்.

எல்லாவற்றுக்கும் ஆணிவேர் சார்வு அறிக்கைதான். உங்கள் வக்கீல் நகல் மனு போட்டு, சம்மனைக் கொண்டுபோன நீதிமன்ற ஊழியரான அமீனா திருப்பி அனுப்பிய சம்மனின் சான்றிட்ட நகலைப் பெறட்டும். கதவில் ஒட்டியிருந்தால், எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "கதவு பூட்டி இருந்தது, ஒட்டினேன்" என்று ஒற்றை வரியில் முடித்த அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை குறுக்கு விசாரணையில் நிற்பதில்லை. இதைவிட முக்கியமானது: பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே வசிக்கிறார், சம்மனைப் பெற அதிகாரம் பெற்ற முகவர் இங்கே இல்லை என்றால், அவர் வசிக்கும் இடத்துக்கே அனுப்ப வேண்டும் என்கிறது கட்டளை 5, விதி 25. பெரியப்பா மகன் தோஹா முகவரியை அறிந்திருந்தும் வழக்குரையில் பூட்டிய வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தால், அவர் உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும், நீங்கள் அவருக்குப் பணம் அனுப்பிய வங்கி விவரங்களும், கடவுச்சீட்டின் குடியேற்ற முத்திரைகளும், பணியிடச் சான்றும் உங்கள் பக்கம் பேசும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. விசாரணைத் தேதி உங்களுக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்லப் போதிய அவகாசமும் இருந்தது என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால், சார்வில் உள்ள வெறும் முறைக்குறைவுக்காகத் தீர்ப்பை ரத்து செய்யாது. கதவில் ஒட்டியதை யாரேனும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பியிருந்தால், அதை வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு வெளிப்பட்டால் மற்ற எல்லாமும் சந்தேகத்துக்குள்ளாகும்.

மனு தாக்கலான மாத்திரத்தில் கமிஷனர் வேலை நின்றுவிடாது. முதனிலைத் தீர்ப்பாணைப்படி சொத்தை அளந்து பிரிக்கும் இறுதித் தீர்ப்பாணை நடவடிக்கையின் பகுதி அது; அதை நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பாமல் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது என்பதால் சில வாய்தாக்கள் போகத்தான் செய்யும். செலவுத்தொகை கட்டச் சொல்லி நிபந்தனை விதித்தால், தேதி தவறாமல் கட்டிவிடுங்கள். ரத்து உத்தரவு வாங்கியும் அதைக் கட்டாமல் இழந்தவர்கள் உண்டு.

சிங்கப்பூரிலிருந்து

அத்தை, என் நண்பன் ஒருவன் வழக்கில் ஊரில் இருக்கும் அவனுடைய அம்மா சம்மனில் கையெழுத்துப் போட்டுவிட்டார். படித்துப் பார்க்காமல் கேஸ் சிலிண்டர் ரசீது என்று நினைத்துப் போட்டாராம். அதுவும் முறையான சார்வுதானா?

மெல்பர்னிலிருந்து

சிக்கலான கேள்வி. பிரதிவாதி அந்த நேரத்தில் வீட்டில் இல்லை, நியாயமான காலத்துக்குள் அங்கே இருக்கக்கூடிய வாய்ப்பும் இல்லை என்னும் நிலையில், அவரோடு கூடி வாழும் வயது வந்த குடும்பத்தினரிடம் கொடுக்கலாம் என்கிறது விதி. பல ஆண்டுகளாக வெளிநாட்டில் குடியிருப்பவனோடு அந்த அம்மா "கூடி வாழ்கிறார்" என்று சொல்ல முடியாது என்பது என் வாதமாக இருக்கும். ஆனால் மகன் வாரந்தோறும் போனில் பேசுகிறான், ஆகவே அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு சொல்லும். எந்த நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்று இங்கிருந்து சொல்ல எனக்குத் துணிவில்லை.

தோஹாவிலிருந்து

அத்தை, நன்றி. என் மைத்துனருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து அவரையே சாட்சி சொல்ல வைக்கலாமா? எனக்கு இப்போது விடுப்புக் கிடைப்பது கடினம்.

மெல்பர்னிலிருந்து

மனுவைத் தாக்கல் செய்யவும் வாய்தாக்களைக் கவனிக்கவும் அவர் போதும். ஆனால் சம்மன் உங்களுக்கு வரவில்லை, தீர்ப்பு இன்ன நாளில்தான் தெரிந்தது என்பவை நீங்கள் மட்டுமே நேரடியாக அறிந்தவை. அதிகாரப் பத்திரம் கொடுத்தவர் மட்டுமே அறிந்ததை அதைப் பெற்ற முகவர் சாட்சியாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே பிரமாண வாக்குமூலத்தை நீங்களே தோஹாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்புங்கள். குறுக்கு விசாரணை வந்தால் காணொலி வழியாக அனுமதி கேட்கலாம். அதிகாரப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும் என்பதை மைத்துனரிடம் சொல்லிவையுங்கள். அத்தாச்சி போன் செய்த அழைப்புப் பதிவை அழித்துவிடாதீர்கள். ஜனவரி 6 என்பதற்கு இப்போதைக்கு உங்களிடம் உள்ள சான்று அதுதான்.