உதவி: ஸ்லைடில் படிப்படியாகக் காட்டியும் மாணவர்கள் எழுதிக்கொள்வதோடு நின்றுவிடுகிறார்கள்

மாலைவகுப்பு:
வர்க்கப் பூர்த்தி முறையை ஸ்லைடு வழியாக நடத்துகிறேன். எடுத்துக்காட்டாக x² + 6x − 16 = 0 என்பதைக் கொடுத்து, ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு வரி தோன்றுமாறு அமைத்திருக்கிறேன்.

```
x² + 6x = 16
x² + 6x + 9 = 16 + 9
(x + 3)² = 25
x + 3 = ±5
x = 2 அல்லது x = −8
```

வரி தோன்றியவுடன் எல்லோரும் குனிந்து எழுதத் தொடங்குகிறார்கள். நான் காரணம் சொல்லும்போது நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. பிறகு x² + 8x − 20 = 0 கொடுத்தால், பலர் இருபுறமும் மீண்டும் 9-ஐயே கூட்டி, (x + 3)² = 29 என்று எழுதிவிடுகிறார்கள். எந்த இடத்தில் மாற்ற வேண்டும்?

கரும்பலகை:
ஸ்லைடை விட்டுவிட்டுப் பலகையில் எழுதுங்கள். நம் கை எழுதும் வேகத்திலேயே மாணவர்களும் எழுதுவதால், கேட்கவும் நேரம் கிடைக்கும். இல்லையென்றால் தீர்வு முழுவதையும் அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். எழுதும் வேலையே இல்லாவிட்டால் கவனமும் சிதறாது.

இருபடி:
எழுதுவதும் கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது என்ற அளவில் மேலே சொன்னது சரிதான். ஆனால் முழுத் தீர்வையும் முன்கூட்டியே கையில் கொடுத்தால், 9 எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதற்கான தேவையே மாணவருக்கு எழாது.

உங்கள் மாணவர்களின் பிழையே காரணத்தைக் காட்டுகிறது. x-இன் கெழு 8 ஆனபோதும் 9-ஐக் கூட்டியவர்கள், அந்த எண்ணை 6-இலிருந்து பிறந்த ஒன்றாகப் பார்க்காமல், முறையின் நிலையான பகுதியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து வரிகளில் புதிய கருத்து உள்ளது இரண்டாம் வரியில் மட்டும். மற்றவை அவர்கள் ஏற்கெனவே அறிந்த வேலைகள். ஆகவே எல்லா வரிக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்காமல், அந்த ஒரு வரிக்கு முன்னால் நிறுத்துங்கள்.

முதல் வரி திரையில் இருக்கும்போதே, பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, பக்கம் x கொண்ட ஒரு சதுரத்தைக் காட்டுங்கள். 6x பரப்பை 3x வீதம் இரண்டு பட்டைகளாக்கி, ஒன்றை வலப்புறமும் மற்றொன்றைக் கீழ்ப்புறமும் ஒட்டினால் மூலையில் ஓர் இடம் காலியாக நிற்கும். அதன் அளவு என்ன என்று கேட்டு, பதில் வரும்வரை அடுத்த சொடுக்கை அழுத்தாதீர்கள். 3 × 3 என்று அவர்கள் வாயிலிருந்து வந்த பிறகு 9 தோன்றட்டும். அதையும் இருபுறமும் வேறு நிறத்தில் காட்டுங்கள். முந்தைய வரி மறையாமல் அதே இடத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் எது மாறியது என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். தீர்வு முடிந்தபின் எழுதிக்கொள்ள நேரம் கொடுங்கள்.

அடுத்த எடுத்துக்காட்டாக x² + 10x − 11 = 0 எடுத்து, கடைசி இரண்டு வரிகளை மட்டும் காலியாக விடுங்கள். அதற்கடுத்ததில், கூட்ட வேண்டிய எண்ணின் இடத்தையும் காலியாக்குங்கள். முதல் தீர்விலிருந்து நேராகத் தனிப் பயிற்சிக்குத் தாவியதும் இந்தச் சிக்கலுக்கு ஒரு காரணம் என நினைக்கிறேன்.

பென்சில்முனை:
எனக்கும் இதே சிக்கல்தான் வந்தது. பவர்பாயிண்டில் அசைவூட்டத்தோடு அமைத்ததைப் பிடிஎஃப் ஆக மாற்றியபோது, எல்லா வரிகளும் ஒரே பக்கத்தில் மொத்தமாக வந்துவிட்டன. ஸ்லைடை நகலெடுத்து, ஒவ்வொரு நகலிலும் ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்த்தால் எந்தக் கணினியிலும் வரிசை மாறாது.

இருபடி:
கேள்வி அதைப் பற்றியதன்று. ஆனாலும் அந்த வழி பயனுள்ளது. நகலெடுக்கும்போது சமன்பாடுகள் இம்மியும் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நகர்ந்தால் கண் மாற்றத்தை விட்டுவிட்டு அசைவைத் தொடரும்.

மாலைவகுப்பு:
படத்தோடு நிறுத்திக் கேட்டுப் பார்த்தேன். x² + 8x-க்கு 16 என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். ஆனால் x² − 8x வந்ததும், பட்டையை எப்படி ஒட்டுவது என்று ஒரு மாணவி கேட்டாள். மேலும், விரைவாகப் புரிந்துகொள்பவர்கள் அந்தக் காத்திருப்பில் சலிப்படைகிறார்கள்.

இருபடி:
குறை எண்ணுக்குப் பட்டைகளை ஒட்டாமல் சதுரத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். 4x வீதம் இருமுறை கழிக்கும்போது மூலையிலுள்ள 16 இருமுறை கழிந்துவிடுவதால், ஒருமுறை திருப்பிக் கூட்டுகிறோம். இந்த விளக்கம் கடினமானது. முதல் நாளிலேயே வேண்டாம். விரைவாகப் புரிந்தவர்களுக்குத் தீர்வைக் காட்டாமல் x² + 5x − 6 = 0 கொடுத்துவிடலாம், 25/4 வரும்போது அவர்களும் நின்று யோசிப்பார்கள்.

கரும்பலகை:
ஒரே வகுப்பில் இரு குழுவுக்கும் ஒரே திரைதானே இருக்கிறது? அவர்கள் தனியே செய்யும்போது திரையில் வரும் விடையைப் பார்க்காமல் எப்படித் தடுப்பது?